24 மணி நேரம் என்றால் எத்தனை நாள்?

தென்காசியில் ஒரு மகப்பேறு கிளினிக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவர், ஒரு ஸ்கேன் மெஷின். மெஷினை வாங்கியபோது தந்த வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது. விற்ற நிறுவனத்திலிருந்து பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு மூன்று விலைகள் மின்னஞ்சலில் வந்திருக்கின்றன: ஆண்டுக்கு 36,000 ரூபாய், 84,000 ரூபாய், 1,20,000 ரூபாய். மெஷினின் விலை 12 லட்சம். இந்த எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் மூன்று விலைகளுக்கும் இடையே இருக்கும் இந்தப் பெரிய இடைவெளி சந்தையில் உள்ளதுதான்.

மூன்றையும் பேச்சுவழக்கில் ஏ.எம்.சி. என்றே சொல்வார்கள். உள்ளே இருப்பவை மூன்று வெவ்வேறு சரக்குகள். 36,000 ரூபாய்க்குக் கிடைப்பது பொறியாளரின் வேலை மட்டும். அவர் ஆண்டுக்கு இரண்டு அல்லது நான்கு முறை வந்து மெஷினைத் திறந்து தூசி துடைத்து, ஃபில்டரைக் கழுவி, மின்னழுத்தம் பார்த்துவிட்டுப் போவார். பழுது என்று கூப்பிட்டால் வருவார். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டியிருந்தாலும் அதன் விலை கிளினிக்கின் தலையில். 84,000 ரூபாய் ஒப்பந்தத்தில் பாகங்களும் சேரும். இதைத்தான் சி.எம்.சி. என்கிறார்கள். ஆனால் ப்ரோப் சேராது. 1,20,000 ரூபாயில் ப்ரோப்பும் சேரும், சில நிபந்தனைகளோடு. மூன்றின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. நோயாளிக்குத் தரும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், கட்டிய இந்த வரியைக் கிளினிக் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே உண்மையான செலவு 42,480, 99,120, 1,41,600 ரூபாய் என்று எழுதிவைத்துக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

ஸ்கேன் மெஷினில் நோயாளியின் உடலைத் தொடும் பாகம் ப்ரோப். அதன் முனையில் ரப்பர் போன்ற மெல்லிய லென்ஸ். அதற்குள் வரிசையாக நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிய படிகத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்குகிறது. ஒவ்வொன்றிலிருந்தும் தலைமயிர் போன்ற ஒரு கம்பி, கேபிள் வழியாக மெஷினுக்குப் போகிறது. மெஷினிலேயே அதிகம் கையாளப்படுவதும், கீழே விழ வாய்ப்புள்ளதும், எளிதில் கெடுவதும் இதுதான். தனித்தனியாகப் பார்த்தால் விலை கூடிய பாகங்களில் ஒன்றும் இதுதான். அதனால்தான் விலக்குப் பட்டியலில் முதல் வரியில் இது நிற்கிறது.

நம் கிளினிக்கில் இரண்டு ப்ரோப்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது ஒன்று, உள்வழியாகப் பார்ப்பது இன்னொன்று. புதிதாக வாங்கினால் ஒன்று ஒன்றரை லட்சம் ஆகும் என்று கொள்வோம். ப்ரோப் சேர்ந்த ஒப்பந்தத்துக்கும் சேராததற்கும் வித்தியாசம், வரியோடு ஆண்டுக்கு 42,480 ரூபாய். ஒன்றரை லட்சத்தை இதால் வகுத்தால் மூன்றரை வருகிறது. அதாவது இரண்டு ப்ரோப்களையும் சேர்த்து, மூன்றரை ஆண்டுக்குள் ஒன்றாவது கெடும் என்றால் கூடுதல் பணம் கட்டுவது லாபம். அதற்கு மேல் தாக்குப்பிடிக்கும் என்றால் அந்தப் பணத்தை வங்கியில் தனியாக ஒதுக்கி வைப்பதே மேல். நாளுக்கு ஐந்து ஸ்கேன் மட்டும் பார்த்து, மருத்துவர் ஒருவரே கையாளும் இடத்துக்கும், நாளுக்கு ஐம்பது பேர் வந்து மூன்று பேர் மாறி மாறிக் கையாளும் இடத்துக்கும் விடை ஒன்றாக இருக்காது.

ஆனால் இந்தக் கணக்கு செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 'ப்ரோப் சேரும்' என்ற வரிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் 'வெளிப்புறச் சேதம் இல்லாத பழுதுக்கு மட்டும்' என்று இருக்கும். லென்ஸில் கீறல், கேபிள் உறை கிழிந்தது, கீழே விழுந்து ஓடு வெடித்தது, டிராலியின் சக்கரம் கேபிள் மேல் ஏறியது, பொருந்தாத கிருமிநாசினி பட்டு லென்ஸ் உப்பியது எல்லாமே வெளிப்புறச் சேதம்தான். ப்ரோப்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெடுகின்றன. ஆக, 1,20,000 ரூபாய் கட்டிய மருத்துவரிடமும் ஒரு நாள் பொறியாளர் வந்து, "மேடம், லென்ஸ்ல கீறல் இருக்கு, இது கான்ட்ராக்ட்ல வராதுங்க" என்று சொல்ல முடியும். ஒப்பந்தப்படி அவர் சொல்வது சரி.

இதற்கு வழி, கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை மாற்றிக் கேட்பது. 'ஒப்பந்த ஆண்டில் ஒரு ப்ரோப், பழுதின் காரணம் எதுவாக இருந்தாலும்' என்று சில நிறுவனங்கள் எழுதித் தருகின்றன. இல்லையென்றால், கெட்டதைக் கொடுத்து மாற்று வாங்கும் விலையை முன்கூட்டியே எண்ணாக எழுதச் சொல்லலாம். மாற்று விலை புதியதன் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். தருவது புதியதா, பழுதுநீக்கியதா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கெட்டிருக்கிறதா என்பதையே கிளினிக் தானாகப் பார்த்துக்கொள்ளவும் முடியும். ஜெல் தடவாமல் ப்ரோப்பை வெறும் காற்றில் வைத்தால், திரையின் மேல்பகுதியில் சீரான பட்டைகள் குறுக்கே ஓடும். அந்தப் பட்டைகளை மேலிருந்து கீழாக ஓர் இருண்ட கோடு வெட்டினால், அந்த இடத்தில் சில படிகங்கள் உயிர் விட்டிருக்கின்றன. இன்னும் உறுதிப்படுத்த, ஒரு காகிதக் கிளிப்பின் வளைந்த ஓரத்தை லென்ஸ் மேல் அழுத்தாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்த்துவார்கள். கிளிப் தொடும் இடமெல்லாம் திரையில் ஒரு ஒளிக்கோடு கூடவே நகரும். செத்த படிகத்தின் மேல் வரும்போது மங்கும், அல்லது காணாமல் போகும். ஒப்பந்தம் தொடங்கும் நாளில் இந்தக் காற்றுப் படத்தை மெஷினிலேயே சேமித்து, தேதியோடு அச்செடுத்து, பொறியாளரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைப்பது மிக நல்லது. ஆறு மாதம் கழித்துக் கோடு விழுந்தால், அது முன்பே இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இனி நேரம். 36,000 ரூபாய் ஒப்பந்தத்தில் '24 வேலை மணி நேரத்துக்குள் பதில்' என்று இருக்கிறது. மருத்துவர் இதை மறுநாளைக்குள் ஆள் வருவார் என்று படிக்கிறார். நிறுவனத்தின் சேவை நேரம் திங்கள் முதல் சனி வரை, காலை 9.30 முதல் மாலை 5.30 வரை என்று இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். 24 மணி நேரம் என்றால் மூன்று வேலை நாள். வெள்ளிக்கிழமை மாலை 6.30க்கு மெஷின் நின்றால், கடிகாரம் சனிக்கிழமை 9.30க்குத்தான் ஓடத் தொடங்கும். சனி எட்டு மணி நேரம், ஞாயிறு கிடையாது, திங்கள் எட்டு, செவ்வாய் எட்டு. செவ்வாய் மாலை 5.30க்குப் பொறியாளர் கிளினிக் வாசலில் வந்து நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. இடையில் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அது புதன் மாலை.

வாசலில் வந்து நிற்க வேண்டும் என்றுகூடச் சில ஒப்பந்தங்களில் இல்லை. 'பதில்' என்பதற்கு, தொலைபேசியில் திரும்ப அழைத்துப் பேசுவதே போதும் என்று விளக்கம் இருக்கும். ஆகவே ஒப்பந்தத்தில் மூன்று நேரங்களைத் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும்: தொலைபேசியில் பேசுவதற்கு எவ்வளவு, ஆள் நேரில் வருவதற்கு எவ்வளவு, மெஷின் மறுபடி ஓடுவதற்கு எவ்வளவு. நோயாளிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் கிளினிக்குக்கு மூன்றாவதுதான் முக்கியம். நிறுவனங்கள் எழுதித் தர மிகவும் தயங்குவதும் அதைத்தான். 'பாகம் கிடைப்பதைப் பொறுத்து' என்ற சொற்றொடரோடு நிறுத்திக்கொள்ளப் பார்ப்பார்கள். அங்கே விடாமல், பாகம் நாட்டுக்குள் இருந்தால் இத்தனை நாள், வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் இத்தனை நாள் என்று இரண்டு எண்களை வாங்குவது நடக்கக்கூடிய காரியம்.

தூரமும் இங்கே பேசியாக வேண்டிய விஷயம். தென்காசிக்கு வரும் பொறியாளர் எந்த ஊரில் இருக்கிறார்? மதுரையா, கோயம்புத்தூரா, சென்னையா? அந்த மெஷினில் பயிற்சி பெற்றவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால், அவர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் யார் வருவார்? சேவை மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் என்று நேர வாக்குறுதிக்கு எல்லை கட்டிய ஒப்பந்தங்கள் உண்டு. சிறு ஊர்க் கிளினிக்குகள் இந்த எல்லைக்கு வெளியே விழுந்துவிடுகின்றன என்பது பணம் கட்டிய பிறகே தெரியவருவது வேதனையான விஷயம்.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்பதில் இன்னொரு பள்ளம். பல வருடம் பழகிய பொறியாளரின் கைபேசிக்கு நேரே கூப்பிடுவதுதான் நம் ஊர் வழக்கம். "நாளைக்கு வந்துடறேன் மேடம்" என்பார். ஒப்பந்தத்தின் கண்ணில் அந்த அழைப்பு நடக்கவே இல்லை. சேவை எண்ணில் பதிந்து, புகார் எண் கிடைத்த நிமிடத்திலிருந்துதான் நேரம் ஓடும். பொறியாளரிடம் பேசுவதில் தவறில்லை. அதற்கு முன் புகார் எண்ணை வாங்கிவிட வேண்டும். வேலை முடிந்து அவர் நீட்டும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் வந்த நேரமும் போன நேரமும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெஷினில் ஒரு நோயாளியையாவது ஸ்கேன் செய்த பிறகு கையெழுத்திடுவது முறை. 'மெஷின் நன்றாக இயங்குகிறது' என்ற வரியின் கீழே விழும் கையெழுத்து, அந்தப் புகாரை மூடிவிடும். மறுநாள் அதே பழுது வந்தால் அது புதுப் புகார், புதுக் கடிகாரம்.

84,000 ரூபாய் ஒப்பந்தத்தில் '95 சதவீத இயக்க நேர உத்தரவாதம்' என்றும் ஒரு வரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் கொள்முதல் ஆவணங்களில் வெகுகாலமாக உள்ள அளவு இது. 365 நாளில் 5 சதவீதம் என்றால் 18 நாளுக்குச் சற்று மேல். ஆண்டுக்குப் பதினெட்டு நாள் மெஷின் நின்றாலும் உத்தரவாதம் காக்கப்பட்டதாகவே கணக்கு. இதுவே ஒரே மெஷின் வைத்திருப்பவருக்கு அதிகம். ஆனால் கணக்கிடும் முறையில் இன்னும் பெரிய ஓட்டை இருக்கலாம். ஆண்டின் மொத்த நேரத்தை 24 மணி நேரப்படி 8,760 என்று எடுத்துக்கொள்வார்கள். அதில் 5 சதவீதம் 438 மணி நேரம். மெஷின் நின்ற நேரத்தை மட்டும் நிறுவனத்தின் வேலை நேரப்படி, நாளுக்கு எட்டு மணி என்று எண்ணுவார்கள். 438ஐ எட்டால் வகுத்தால் 54 நாளுக்கு மேல் வருகிறது. அதாவது கிட்டத்தட்ட இரண்டு மாத வேலை நாள்கள் மெஷின் மூடிக் கிடந்தாலும் 95 சதவீதம் இயங்கியதாகத் தாளில் காட்டிவிடலாம். மொத்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரே கடிகாரத்தால் அளக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் இது அடைபடும்.

மீறினால் என்ன என்பதும் எழுதப்பட வேண்டும். அரசுக் கொள்முதலில் ஒரு நடைமுறை உண்டு: அனுமதித்த அளவுக்கு மேல் மெஷின் நின்றால், நின்ற நாளுக்கு இரண்டு மடங்கு வாரண்டி நீட்டிக்கப்படும். தனியார் கிளினிக்கும் இதையே கேட்கலாம். பணமாக அபராதம் கேட்டால் மறுக்கும் நிறுவனங்கள், நாள்களாகக் கேட்டால் இறங்கி வருவதுண்டு.

மெஷின் நிற்கும் நாள்களுக்கு மாற்று மெஷின் தருகிறோம் என்று விற்பனையாளர் சொன்னால், ஸ்கேன் மெஷினைப் பொறுத்தவரை அந்த வாக்குறுதியை நம்பிப் பணம் கூட்டித் தரக் கூடாது. ரத்தப் பரிசோதனைக் கருவிக்கோ இ.சி.ஜி. கருவிக்கோ அது நல்ல ஏற்பாடு. ஸ்கேன் மெஷின் அப்படியல்ல. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கிளினிக்கின் பதிவுச் சான்றிதழில் எந்த மெஷின் என்பதும் பதிவாகியிருக்கும். மெஷினில் மாற்றம் இருந்தால் உரிய அதிகாரிக்கு 30 நாள் முன்பே தெரிவித்து, திருத்திய சான்றிதழ் பெற வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 13ஆம் விதி. பதிவில் இல்லாத மெஷினை அவசரத்துக்குக் கொண்டுவந்து ஓட்டினால், முத்திரை வைக்கப்படுவது கிளினிக்குக்கு. மெஷினைக் கொடுத்தவருக்கு அல்ல. பழுதான மெஷினைச் சேவை மையத்துக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தாலும், கதவைத் தாண்டும் முன் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து நகலில் முத்திரை வாங்கி வைப்பதே பாதுகாப்பு. ஒப்பந்தத்தில் 'முடிந்தவரை கிளினிக்கிலேயே பழுது நீக்கப்படும்' என்ற வாக்கியத்தை ஸ்கேன் மெஷின் வைத்திருப்பவர்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டிய காரணம் இதுதான். நோயாளிகள் அதிகம் உள்ள இடமென்றால், இரண்டாவதாக ஒரு சிறு மெஷினை வாங்கி, முறைப்படி பதிவு செய்து வைத்துக்கொள்வதுதான் உண்மையான மாற்று ஏற்பாடு.

விலக்குப் பட்டியலின் மீதி வரிகளில் யு.பி.எஸ். பேட்டரி, பிரின்டர், காகிதம், இடமாற்றம், வெளியாள் கைவைத்தது, எலி கடித்தது என்று பலவும் இருக்கும். பெரும்பாலானவை நியாயமானவை. சண்டை மூள்வது 'மின்சாரக் கோளாறால் ஏற்பட்ட பழுது' என்ற ஒரு வரியில். மெஷினின் பவர் சப்ளை போர்டு எரிந்துபோகிறது. சி.எம்.சி. இருக்கிறதே என்று மருத்துவர் நிம்மதியாக இருக்கிறார். பொறியாளர் மல்டிமீட்டரை எடுத்து, பிளக் பாயின்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கிறார். 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது பதினொன்று காட்டுகிறது. எர்த்திங் சரியில்லை, பழுது ஒப்பந்தத்தில் சேராது என்று ரிப்போர்ட் எழுதுகிறார். போர்டு எரிந்ததற்கு எர்த்திங்தான் காரணமா, போர்டு தானாகவே பழையதாகிப் போனதா என்பதை அதற்குப் பிறகு நிரூபிக்க யாராலும் முடிவதில்லை.

இந்த வாக்குவாதத்தை முன்பே முடித்துவிட முடியும். ஒப்பந்தம் தொடங்கும் நாளிலும், ஒவ்வொரு பராமரிப்பு வருகையிலும், லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான அழுத்தத்தையும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான அழுத்தத்தையும் அளந்து ரிப்போர்ட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அளவு கூடுதலாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். கோடையில் மண் காய்ந்து எர்த்திங் கெடுவது தென்மாவட்டங்களில் சாதாரணம் என்பதால், மார்ச் மாதத்துக்குள் ஒரு வருகை வரும்படி தேதி குறிப்பது பொருத்தம். மூன்று மாதம் முன்பு அவர்களே 'சரி' என்று எழுதிய அளவு கையில் இருக்கும்போது, மின்சாரத்தின் மேல் பழி போடுவது எளிதல்ல.

பராமரிப்பு வருகை என்பதிலும் ஒரு சிறு ஏமாற்றம் நடப்பதுண்டு. பழுதுக்காக வந்த பொறியாளர், போகும்போது அதையே பராமரிப்பு வருகையாகவும் எழுதிக்கொள்வார். நான்கு வருகைக்குப் பணம் கட்டிய கிளினிக்குக்கு இரண்டுதான் நடந்திருக்கும். பராமரிப்பு வருகை தனி, பழுது அழைப்பு தனி என்று ஒரு வரி எழுதினால் போதும். அதேபோல் மெஷினின் ஹார்டு டிஸ்க் கெட்டால் புது டிஸ்க் சி.எம்.சி.யில் கிடைக்கும், உள்ளே இருந்த படங்கள் கிடைக்காது. அவற்றை நகலெடுத்து வைப்பது எல்லா ஒப்பந்தத்திலும் கிளினிக்கின் பொறுப்பே.

இத்தனையும் கேட்டு வாங்க மருத்துவருக்கு வலு எப்போது இருக்கிறது? வாரண்டி முடியும் மாதத்தில் இல்லை. அப்போது மெஷின் ஏற்கெனவே கிளினிக்கில் நிற்கிறது, பணம் முழுக்கக் கொடுத்தாயிற்று. மெஷினை வாங்கப் பேசும் அன்றே, விற்பனையாளர் இரண்டு போட்டியாளர்களோடு மோதிக்கொண்டிருக்கும் நேரத்தில், வாரண்டிக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுக்கான சி.எம்.சி. விலையையும் எழுதி வாங்க வேண்டும். அரசு டெண்டர்களில் இப்படித்தான் செய்கிறார்கள். மெஷின் விலையோடு வரும் ஆண்டுகளின் சி.எம்.சி. விலையையும் கூட்டித்தான் யார் மலிவு என்று முடிவெடுக்கிறார்கள். 11 லட்சத்துக்கு மெஷினும் ஆண்டுக்கு 1,10,000 ரூபாய்க்கு சி.எம்.சி.யும் தருபவரைவிட, 12 லட்சத்துக்கும் 84,000 ரூபாய்க்கும் தருபவர் ஐந்தாண்டில் 30,000 ரூபாய் மலிவு. வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதும் அதே தாளில் வர வேண்டும்: கிடங்கிலிருந்து அனுப்பிய நாளா, கிளினிக்கில் பொருத்தி ஓட்டிக் காட்டிய நாளா என்று.

தென்காசி மருத்துவர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அவரிடம் இருப்பது ஒரு மாதம். அதற்குள் வாரண்டி செல்லுபடியாகும்போதே ஒரு முழுப் பரிசோதனைக்குப் பொறியாளரை அழைத்து, இரண்டு ப்ரோப்களின் காற்றுப் படத்தையும் எடுக்க வைக்கலாம். கோடு ஏதும் தெரிந்தால் வாரண்டியிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தை வாரண்டி முடிந்த மறுநாளே தொடங்குமாறு எழுத வேண்டும். நடுவில் சில வாரம் இடைவெளி விழுந்தால், மறுபடி ஒப்பந்தத்துக்குள் எடுக்குமுன் மெஷினைச் சோதிக்கக் கட்டணமும், அப்போது தெரியும் பழுதுகளைச் சொந்தச் செலவில் சரிசெய்யும் நிபந்தனையும் வரும். அவருடைய கிளினிக்கில் நாளுக்கு பத்து, பன்னிரண்டு ஸ்கேன். ப்ரோப்பைத் தொடுபவர் அவர் ஒருவர்தான். அவருக்கு 84,000 ரூபாய் ஒப்பந்தமே பொருத்தம்: வேலை நேரக் கணக்கை நீக்கி '24 மணி நேரத்துக்குள் நேரில்' என்று திருத்தி, ப்ரோப்பின் மாற்று விலையைத் தனியாக எழுதி வாங்கி, மிச்சமாகும் 42,480 ரூபாயை ஆண்டுதோறும் ப்ரோப்புக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு.